மூன்று சொல்லில் அடங்காத ஹாஸ்டல்

வேளச்சேரி விஜயநகர் பஸ் நிலையத்தில் இறங்கித் தரமணிப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், ஏதாவது ஒரு மின்கம்பத்தில் லேடீஸ் ஹாஸ்டல் நோட்டீஸ் கண்ணில் படும். அடியில் போன் நம்பரைக் கத்தரித்துத் தொங்கவிட்ட சீட்டுகளில் இரண்டு மூன்று கிழிபட்டிருக்கும். யார் ஒட்டினாலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். ‘மாணவிகள், வேலைக்குச் செல்லும் பெண்கள் தங்கும் விடுதி. வீட்டுச் சாப்பாடு. சிசிடிவி பாதுகாப்பு. நியாயமான வாடகை.’

அப்படி ஒரு நோட்டீஸை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. ஜவுளிக்கடை தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரி, டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன விளம்பர வாசகங்கள் எழுதிப் பிழைப்பவள் நான். விடுதியை நடத்துபவர் ஐம்பத்தைந்து வயது அம்மா. கணவர் போன பிறகு ஒரு மூன்று மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, மாடிக்கு நான்கு அறை வீதம் பன்னிரண்டு அறைகளில் 36 கட்டில் போட்டிருக்கிறார். அப்போது நான்கு கட்டில் காலி.

“பெருசா ஒண்ணும் வேணாம்மா. சேஃப்டி, சாப்பாடு, வாடகை. இந்த மூணும் பளிச்சுன்னு தெரியணும், அவ்ளோதான்” என்றார்.

“இந்த மூணும் போடாத ஹாஸ்டல் நோட்டீஸ் எதையாவது நீங்க பாத்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சிரித்தார்.

எல்லாரும் சொல்வதையே நாமும் சொன்னால் அது யார் காதிலும் விழாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை யாராலும் சரிபார்க்க முடியாது. ‘இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கிறது’ என்றால் சரிபார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, பெட்டியை இறக்கிவிட்டு அரை மணி நேரத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வாரோ அதைத்தான் விளம்பரத்தில் எழுத வேண்டும். இருபதுகளில் நான்கு வருடம் ஹாஸ்டலில் இருந்தவள் நான். எனக்கு இதெல்லாம் அட்வான்ஸைத் தோற்ற பிறகுதான் புரிந்தது. இரண்டு நாள் டைம் கேட்டு, நோட்டுப் புத்தகத்தோடு அந்த விடுதிக்குப் போனேன்.

முதலில் காகிதங்களைக் கேட்டேன். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதியை நினைத்த மாத்திரத்தில் நடத்திவிட முடியாது. 2014-இல் வந்த, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டப்படி பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட சமூகநல அலுவலகம் வழியாகப் போகும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் அதோடு இணைக்க வேண்டும். சமையல் நடப்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. அதில் 14 இலக்க எண் இருக்கும்.

சட்டம் 2014-லேயே வந்துவிட்டாலும், பல விடுதிக்காரர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டது 2018 டிசம்பருக்குப் பிறகுதான். சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பிளக் பாயின்ட் போன்ற இடங்களுக்குள் ஒளித்து வைத்த கேமராக்களை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள். கைதானவர் அந்த விடுதியை நடத்தியவர். அதற்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் பதிவு செய்யாத விடுதிகளைத் தேட ஆரம்பித்தது.

நம் அம்மாவிடம் சான்றிதழ் இருந்தது, ஆனால் பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறையில். “சுவத்துல மாட்டினா பழுப்பாயிடுமே” என்றார். ஒரு நகல் எடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னேன். கேட்டால் காட்டுகிற காகிதத்துக்கும், கேட்காமலே கண்ணில் படுகிற காகிதத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் ஹாஸ்டல் ஓனரிடம் ‘லைசென்ஸ் இருக்கா?’ என்று கேட்க மாட்டாள்.

அடுத்தது கேமரா. அம்மா எழுதி வைத்திருந்த பழைய வாசகம் ‘விடுதி முழுவதும் சிசிடிவி’. ஆதம்பாக்கத்துக்குப் பிறகு இந்த வரியைப் படிக்கும் பெண்ணுக்குத் தைரியம் வருமா, வயிற்றைக் கலக்குமா? நல்ல வேளையாக உண்மை வேறாக இருந்தது. இரண்டே கேமரா. ஒன்று வாசல் கேட்டைப் பார்க்கிறது, இன்னொன்று தரைத்தளத்தில் படிக்கட்டு தொடங்கும் இடத்தை. அறைகள் இருக்கும் மாடிகளில் எதுவும் இல்லை. குளித்துவிட்டுத் துண்டோடு அறைக்கு நடக்கிற வராந்தாவில் கேமரா இருக்கக் கூடாது. பதிவைப் பார்க்கும் திரை எங்கே இருக்கிறது, யார் போனில் அது தெரிகிறது என்பதையும் கேட்டேன். அம்மாவின் போனிலும் வார்டன் போனிலும் தெரியும். கேமரா மாட்டிய பையனின் போனிலும் தெரிந்துகொண்டிருந்தது. மாட்டிய அன்று போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவே இல்லை. அன்றைக்கே மாற்றினோம்.

ஒளித்து வைத்த கேமராவைக் கண்டுபிடிக்கும் ஆப்களை ரொம்பவும் நம்ப வேண்டாம். வைஃபையில் சேராமல் மெமரி கார்டில் பதிவு செய்யும் கேமரா அவற்றில் சிக்காது. கண்ணும் கையும்தான் நல்லது. கட்டிலையோ குளியலறையையோ நேராகப் பார்க்கிற, பிளக் நுழையாத, காரணமில்லாமல் புதிதாக இருக்கிற ஸ்விட்ச் பாக்ஸ், அலாரம், கொக்கி எதுவானாலும் சந்தேகப்படலாம்.

பூட்டு விஷயத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் நீண்ட பேச்சு நடந்தது.

“ராத்திரி பத்து மணிக்குக் கிரில் கேட்டைப் பூட்டிடுவோம். ஒரு ஈ காக்கா உள்ள வராது” என்று பெருமையாகச் சொன்னார்.

“சாவி?”

“வார்டன் கிட்ட.”

“வார்டன் ஊருக்குப் போயிட்டா?”

“சமையக்காரம்மா கிட்ட குடுத்துட்டுப் போவாங்க.”

“அவங்க எங்க தூங்குவாங்க?”

“அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்களே…” என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட இரவுகளில் 32 பெண்கள் உள்ளே, சாவி இரண்டு தெரு தள்ளி.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இது போன்ற தீயில் முதலில் ஆளைச் சாய்ப்பது நெருப்பல்ல, புகை. படிக்கட்டு வழியாகப் புகை மேலே ஏறினால் தப்பிக்கும் வழியே புகைபோக்கியாகிவிடும். பெண்கள் விடுதிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஏனென்றால் பாதுகாப்பு என்ற பெயரில் ஜன்னல்களுக்குக் கம்பி, பால்கனிக்கு வலை, மொட்டைமாடிக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு என்று எல்லா வழியையும் நாமே அடைத்து வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கும் பூட்டு, உள்ளே இருப்பவள் வெளியே போவதையும் தடுத்தால் அதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க முடியாது.

அந்த வீட்டில் ஒரே படிக்கட்டு. அதன் அடியில் என்ன இருந்தது தெரியுமா? இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய பிரிட்ஜ், அதையொட்டி அடுப்பங்கரை வாசல், வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு காலி சிலிண்டர். இடம் வீணாகக் கூடாதே என்றுதான் எல்லா வீட்டிலும் படிக்கட்டுக்கு அடியில் இதையெல்லாம் வைக்கிறோம். தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் மொத்தத்தையும் எல்லாரும் இறங்கி ஓட வேண்டிய வழியில் குவித்து வைத்திருக்கிறோம் என்பது தோன்றுவதேயில்லை.

ஒரு வாரத்தில் அம்மா செய்தது இவ்வளவு. சிலிண்டர்களை வீட்டுக்குப் பின்னால் திறந்த சந்தில் கூரை போட்ட இரும்புக் கூண்டுக்கு மாற்றி, அங்கிருந்து குழாய் இழுத்தார். இன்வெர்ட்டரும் பிரிட்ஜும் படிக்கட்டை விட்டு நகர்ந்தன. கேட்டின் பூட்டை, உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திருப்பித் திறக்கிற மாதிரி மாற்றினார். வெளியிலிருந்து கையை விட்டுத் திறக்க முடியாதபடி தகடும் அடித்தாயிற்று. மொட்டைமாடிக் கதவுக்கும் அதே மாதிரித் தாழ்ப்பாள். செலவு பதினெட்டாயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் படிக்கட்டு ஒன்றுதான். அதை யாராலும் இரண்டாக்க முடியாது. வீடாகக் கட்டியதை விடுதியாக மாற்றினால் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும். இரண்டு படிக்கட்டு உள்ள கட்டடம் கிடைத்தால், வாடகை ஐந்நூறு கூட இருந்தாலும் அதற்கே போகச் சொல்வேன்.

கேட் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவிக்குப் பத்து மணிக் கெடு பொருந்தும். ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு இரண்டரை மணிக்குக் கேபில் வந்து இறங்குகிற பெண் என்ன செய்வாள்? கேட்டைத் தட்டிக்கொண்டு தெருவில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அவளுக்கு அன்றைய நாளிலேயே ஆபத்தான பத்து நிமிடம். இதை யோசிக்காத விடுதி, வேலைக்குப் போகும் பெண்களுக்கானது என்று போர்டு மாட்டக் கூடாது. ஷிப்ட் உள்ளவர்கள் பெயரை முன்கூட்டி எழுதி வாங்கிக்கொண்டு, இரவுக் காவலுக்கு இருக்கும் அம்மா கேப் வந்ததும் கேட்டைத் திறப்பது என்று ஏற்பாடானது. ஷிப்ட்காரர்களையும் பரீட்சைக்குப் படிப்பவர்களையும் ஒரே அறையில் போடுவதில்லை என்றும் முடிவானது. ஒருத்தி தூங்கும் நேரத்தில் இன்னொருத்தி விளக்கைப் போடுவதில் ஆரம்பித்துக் காலி செய்வதில் முடிந்த சண்டைகள் அங்கே ஏற்கனவே இரண்டு நடந்திருக்கின்றன.

இனி சாப்பாடு. ‘வீட்டுச் சாப்பாடு’ என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் எந்த வீட்டுச் சாப்பாடு? தேனிப் பெண்ணின் வீட்டில் இருக்கும் காரம் தஞ்சாவூர்ப் பெண்ணின் வீட்டில் இருக்காது. முப்பது பேருக்குப் பொதுவாகச் சமைக்கும்போது வீட்டு ருசி வராது. அளவும் நேரமும் சரியாக இருந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அளவு என்றால் பருப்பு. ஹாஸ்டல் சாப்பாட்டின் நிலவரம் மொத்தமும் சாம்பாரில் தெரிந்துவிடும். 32 பேருக்கு ஒரு வேளைச் சாம்பார் என்றால் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ போட்டால்தான் கரண்டியில் நிற்கும். மாதக் கடைசியில் கை கடித்தால் முதலில் குறைவது இதுதான். பருப்பு அரைக் கிலோவாகும், மிச்சத்தைப் பரங்கிக்காயும் கரைத்து விட்ட கடலைமாவும் ஈடுகட்டும். தட்டில் சோற்றைச் சுற்றி ஓடுகிற சாம்பாரைப் பார்த்தால், அன்று என்ன தேதி என்று பெண்களே சொல்லிவிடுவார்கள். இந்த விடுதியில் சமையல்காரம்மா ஒரு நோட்டில் தினமும் எவ்வளவு எடுத்தார் என்று எழுதி வைக்கிறார். அம்மா கணக்குக்காக ஆரம்பித்த நோட்டு அது. நான் அதைச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் தொங்கவிடச் சொன்னேன். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மெனுவை மட்டும் ஒட்டுகிறேன் என்றார். சரி.

நேரம் இன்னும் முக்கியம். காலை டிபன் எட்டு மணிக்கு என்றால், ஆறேமுக்காலுக்குக் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கும் பெண் மாதம் முழுக்கச் சாப்பிடாமல் போவாள், ஆனால் பணம் முழுசாகக் கட்டுவாள். இரவு ஒன்பதரைக்குச் சமையலறையைக் கழுவிவிட்டால் பத்து மணிக்கு வருபவள் பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்குவாள். ‘மூன்று வேளை உணவு’ என்ற விளம்பரத்தில் இந்த இருவருக்கும் கிடைப்பது ஒன்றரை வேளை. முதல் ஆளுக்கு டப்பா கட்டிக் கொடுப்பதும், இரண்டாம் ஆளுக்குப் பெயர் எழுதி ஹாட்பாக்ஸில் எடுத்து வைப்பதும் புதிதாகச் செலவு வைக்கிற விஷயமே இல்லை.

குடிதண்ணீரும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். ஆளுக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் 32 பேருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் ஐந்து வேண்டும். இரண்டு காலி கேன் மட்டும் கண்ணில் பட்டால், மீதி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆர்.ஓ. மெஷின் இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் சீட்டின் தேதியைப் பாருங்கள். சீட்டே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். சமையலறையில் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் நின்றால், வணிக உபயோகத்துக்கான 19 கிலோ நீலச் சிலிண்டரின் விலையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டத்துக்கும் விரோதம். அங்கே மிச்சம் பிடிக்கிறவர் பருப்பில் தாராளமாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாடகைக்கு வருவோம். அதே தெருவில் நாலு வீடு தள்ளி ‘5,500 ரூபாய் முதல்’ என்று ஒரு நோட்டீஸ். அம்மாவின் மூவர் அறை 9,200. “அவங்க எப்படித்தான் கட்டுப்படி பண்றாங்களோ தெரியல. நான் அநியாய வாடகை வாங்குறேன்னு பேசிக்கிறாங்க” என்றார். அவருடைய மாதக் கணக்கை வாங்கிப் பார்த்தேன்.

வீட்டு வாடகை 90,000. மளிகை, காய்கறி, பால், முட்டை, ஞாயிறு கோழிக்கறி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 65 ரூபாய் வீதம் 62,400. சமையல்காரம்மா, உதவியாள், வார்டன், இரவுக் காவல், துப்புரவுக்கு இரண்டு பேர், எல்லாச் சம்பளமும் 76,000. கேஸ், கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், பழுது பார்ப்பது எல்லாம் ஏறத்தாழ ஐம்பதாயிரம். மொத்தம் 2,77,800. இதை 32 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 8,700 ரூபாயை ஒட்டி வருகிறது. இருவர் அறையில் 10,500, மூவர் அறையில் 9,200, நால்வர் அறையில் 8,200 என்று வாங்கியும், நான்கு கட்டில் காலியாக இருந்த அந்த மாதத்தில் அவர் கையில் நின்றது பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம்தான். 36-ம் நிரம்பினால் நாற்பதாயிரத்தைத் தொடும். ஹாஸ்டல் தொழிலில் லாபம் என்பது கடைசி நான்கு கட்டிலில்தான் இருக்கிறது. காலியான கட்டிலை நிரப்ப இவர்கள் ஏன் இவ்வளவு பறக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது 5,500-ஐப் போட்டுப் பார்ப்போம். இதே வீடு, இதே சாப்பாடு, இதே சம்பளம். ஆளுக்குச் சாப்பாட்டுச் செலவு மாதம் 1,950 போனால் மீதி 3,550. அதை வைத்து மற்றச் செலவெல்லாம் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 60 பேர் தேவை. பன்னிரண்டு அறையில் 60 பேர், அறைக்கு ஐந்து பேர், அதுவும் லாபம் ஒரு ரூபாய்கூட இல்லாமல். ஆகவே 5,500-க்கு நகரத்துக்குள் தனியார் விடுதி கிடைத்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். கட்டிலுக்கு மேல் கட்டில் ஏறியிருக்கும், அல்லது வார்டனும் காவலும் காகிதத்தில் மட்டும் இருப்பார்கள், அல்லது சாம்பார் ஓடும். சொந்தக் கட்டடத்தில் நடத்துபவர்களால் கொஞ்சம் குறைக்க முடியும் என்பது உண்மைதான். அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளிலும் வாடகை தனியாரைவிடக் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

‘முதல்’ என்ற அந்தச் சின்ன வார்த்தையையும் கவனிக்க வேண்டும். 5,500 என்பது ஆறு பேர் அறையில் மேல் கட்டிலுக்கு. நீங்கள் போகும் அன்று அது காலியாக இருக்காது. அம்மாவின் நோட்டீஸில் ‘முதல்’ வேண்டாம், மூன்று வாடகையையும் அப்படியே போடுவோம் என்றேன். “பாத்த உடனே ஓடிடுவாங்களே!” என்று பதறினார். ஓடுகிறவர்கள் நேரில் வந்து பார்த்த பிறகும் ஓடத்தான் போகிறார்கள். போனிலேயே ஓடினால் இரண்டு பேருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

வாடகையைவிடச் சண்டை அதிகம் வருவது வாடகைக்கு வெளியே உள்ள பணத்தில். கரண்ட் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவது, பராமரிப்பு என்று ஒன்று, சேர்க்கைக் கட்டணம் என்று ஒன்று. சில இடங்களில் ஜி.எஸ்.டி. என்றும் சேர்ப்பார்கள். விடுதி வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற வழக்கில், தங்கும் பெண்களுக்கு அது குடியிருப்புதான், வரி கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று விதியும் வந்துவிட்டது. 9,200 ரூபாய் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள்.

என் அட்வான்ஸ் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை மாறி அவசரமாகக் காலி செய்தேன். ஒரு மாதம் முன்பே சொல்லவில்லை என்று பாதியைப் பிடித்தார்கள். மீதியை ‘அடுத்த ஆள் வந்ததும்’ தருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆள் எப்போது வந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் இருந்த ரசீதில் தொகை மட்டும்தான் இருந்தது, நிபந்தனை எதுவும் இல்லை. அதனால்தான் அட்வான்ஸ் வரியை நோட்டீஸிலேயே போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அச்சிட்ட விளம்பரமும் ஒரு சாட்சிதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாததை இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் விளம்பரம் புகாருக்குரியது. நோட்டீஸைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ப்லைன் எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருக்கும் வழக்குக்குக் கட்டணமும் இல்லை. உள்ளே தங்கியிருக்கும்போது பயமோ தொந்தரவோ என்றால் அது வேறு எண், 181.

இரண்டு நாள் என்று சொன்ன வேலை மூன்று வாரம் இழுத்து, கடைசியில் வந்த வாசகம் இதுதான்:

‘வேளச்சேரியில் பெண்கள் விடுதி. 12 அறை, 36 பேர், அதற்கு மேல் இல்லை.

வாடகை சாப்பாட்டோடு சேர்த்து: இருவர் அறை 10,500, மூவர் அறை 9,200, நால்வர் அறை 8,200. ஏசி போட்டால் மட்டும் அறை மீட்டர்படி கரண்ட். வேறு எந்தக் கட்டணமும் இல்லை. தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் நாளுக்கு 50 ரூபாய் கழிப்போம்.

அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. 30 நாள் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்தால் 1,000 ரூபாய் போக மீதியை 7 நாளில் தருவோம்.

டிபன் காலை 7 முதல் 9.30 வரை, அதற்கு முன் கிளம்புவோருக்கு டப்பா. இரவுச் சாப்பாடு 7.30 முதல் 9.30 வரை, தாமதமாக வருவோருக்கு எடுத்து வைப்போம். வாரம் இரண்டு நாள் முட்டை, ஞாயிறு கோழிக்கறி அல்லது பனீர். இந்த வார மெனு வாசலில்.

கேமரா இரண்டு: ஒன்று வாசலில், ஒன்று படிக்கட்டின் அடியில். அறை மாடிகளில் கேமரா இல்லை. வார்டன் இங்கேயே தங்குகிறார். கேட் இரவு 10-க்குப் பூட்டும். ஷிப்ட் பதிந்தவர்களுக்கு எந்நேரமும் திறக்கும். உள்ளேயிருந்து திறக்கச் சாவி தேவையில்லை.

பதிவுச் சான்றும் உணவு உரிமமும் வரவேற்பறைச் சுவரில்.

சேரும் முன் ஒரு நாள் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள், 60 ரூபாய்.’

கடைசி வரி அம்மாவே சொன்னது. இலவசம் என்று போடலாமா என்று கேட்டேன். “ஓசின்னா குறை சொல்ல மாட்டாங்க. காசு குடுத்தாத்தான் உண்மையைச் சொல்லுவாங்க” என்றார். எனக்குத் தோன்றாத யோசனை. நீங்கள் எந்த விடுதிக்குப் போனாலும் அப்படி ஒரு வேளை கேட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டாம், அன்று எல்லா இடத்திலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில், வேலை நாளில், இரவு எட்டரைக்குப் போங்கள். பந்தியில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம், இதற்கு முன் காலி செய்தவளுக்கு அட்வான்ஸ் வந்ததா என்று மெதுவாகக் கேளுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அம்மா ஒரே ஒரு இடத்தைத் திருத்தினார். அட்வான்ஸ் திருப்பும் நாள் 7 என்று நான் எழுதியிருந்தேன். “மாசக் கடைசில ஏழு நாளுக்குள்ள என்னால பொரட்ட முடியாதும்மா. முடியாததைப் போட வேணாம்” என்று சொல்லிவிட்டார். நோட்டீஸில் இப்போது இருப்பது 15 நாள்.